விதி சுருங்கினால் குரல் தாழும்



மூதூரில் உள்ள நமது அரச அலுவலகங்களின் அறிவித்தல் பலகையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது தோன்றும் ஒரு வாசகத்திலிருந்து தொடங்குகிறேன். 'சகல உத்தியோகத்தர்களும் உரிய நேரத்துக்குக் கடமைக்குச் சமுகமளிக்க வேண்டுமென இத்தால் கண்டிப்பாக அறிவுறுத்தப்படுகிறீர்கள். தவறும் பட்சத்தில் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும்.' இதை எழுதிய தலைவர் யாரையும் ஏச நினைத்திருக்க மாட்டார். ஞாபகப்படுத்தத்தான் நினைத்தார். ஆனால் வாசிப்பவர் காதில் அது ஏச்சாகவே விழுகிறது. ஏன் என்று கேட்டால், வார்த்தை கடுமை, கொஞ்சம் தன்மையாக எழுதியிருக்கலாம் என்பார்கள். அதே வாசகத்தில் 'தயவுசெய்து' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், 'அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தும் பாருங்கள். ஏச்சு போகாது, மரியாதையோடு ஏசியது போல் ஆகிவிடும். காரணம் தொனியில் இல்லை. அந்த அறிவித்தலின் கடைசி வரியை விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தால் காரணம் தெரியும். எந்த நேரம், எதற்காக அந்த நேரம், யார் பிந்தினால் என்ன கெடும், வர முடியாத அன்று யாரிடம் சொல்வது, இவற்றில் ஒன்றுகூட அங்கே இல்லை. பணியாளருக்குத் தேவையான செய்தி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையை மிரட்டல் நிரப்புகிறது. விதியின் நோக்கத்தைச் சொன்னால் விதி தன் சரியான அளவுக்குச் சுருங்கும், சுருங்கிய விதியை ஞாபகப்படுத்தக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. இன்று நான் நிறுவ விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

முதலில் உடையை எடுத்துக்கொள்வோம். நமது திருகோணமலை மாவட்டத்தில் உடை பற்றிய பேச்சு எவ்வளவு வேகமாகக் காயமாக மாறும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் திருகோணமலை நகரப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகளின் அபாயா பற்றி எழுந்த பிணக்கு வீதி ஆர்ப்பாட்டம் வரை போனது, மனித உரிமைகள் ஆணைக்குழு வரையும் போனது. அதற்கு அடுத்த ஆண்டு நாடு முழுவதற்குமாக ஒரு சுற்றறிக்கை வந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், மே மாத இறுதியில், பொது நிர்வாக அமைச்சு 13/2019 என்ற இலக்கத்தோடு அதை வெளியிட்டது. ஆண் உத்தியோகத்தர் காற்சட்டையும் சேர்ட்டும் அல்லது தேசிய உடை அணிய வேண்டும், பெண் உத்தியோகத்தர் சாரி அல்லது ஒசரி அணிய வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நாட்களில் பாதுகாப்புப் பற்றிய அச்சம் உண்மையானது. ஆளை அடையாளம் காண முடிய வேண்டும் என்ற தேவையும் நியாயமானது. ஆனால் முகத்தை மூடும் உடைகள் அதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்பே அவசரகாலச் சட்ட விதியால் தடைசெய்யப்பட்டுவிட்டன. அடையாளம் காண்பது நோக்கமென்றால் அது அப்போதே நிறைவேறியிருந்தது. சுற்றறிக்கை அதையும் கடந்து இரண்டு ஆடைகளின் பெயரைச் சொன்னது. முகம் முழுவதும் தெரிய அபாயா அணிந்த பெண் அந்த இரண்டு பெயருக்கு வெளியே நின்றாள். சல்வார் அணிந்த தமிழ்ப் பெண்ணும், பாவாடை சட்டை அணிந்த பறங்கிப் பெண்ணும் எழுத்தின்படி பார்த்தால் அதற்கு வெளியேதான் நின்றார்கள்.

விளைவு நமக்குத் தெரியும். அபாயாவோடு கடமைக்கு வந்த பெண்கள் சில இடங்களில் தடுக்கப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. சில கிழமைகளுக்குள் சுற்றறிக்கை திருத்தப்பட்டது. பெண்கள் சாரியோ ஒசரியோ கடமைக்கேற்ற கண்ணியமான வேறு உடையோ அணியலாம், சமய வழக்கப்படி உடுத்துவோரும் முகம் தெளிவாகத் தெரியும்படி உடுத்த வேண்டும் என்ற அளவில் அது நின்றது. இந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அமைச்சிலிருந்து வந்தவை, ஒரே அலுவலக மொழியில் எழுதப்பட்டவை, வார்த்தையில் ஒன்று மென்மையானது மற்றது கடுமையானது என்று சொல்ல முடியாது. முதல் வடிவம் ஆடையின் பெயரைச் சொன்னது, அதனால் 'நீ உடுத்தியிருப்பது பிழை' என்று சிலரைப் பார்த்துப் பேசியது. இரண்டாவது வடிவம் தேவை என்ன என்று சொன்னது, முகம் தெரிய வேண்டும் என்று. அதில் யாருடைய வளர்ப்பும் வழக்கமும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. மேலதிகாரி ஒருவர் தன் அலுவலகத்தில் உடை பற்றி ஞாபகமூட்ட வேண்டி வரும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

விதியைத் தளர்த்தினாலே ஏச்சு இல்லாமல் போய்விடும் என்று இதை விளங்கிக்கொள்ளக் கூடாது. தளர்வு வேறு, நோக்கம் வேறு. 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடியின் நடுவில், அரச உத்தியோகத்தர் பொருத்தமான, கண்ணியமான உடையில் கடமைக்கு வரலாம் என்று அதே அமைச்சு அறிவித்தது. சாரி வாங்கவும் வெளுக்கவும் ஆகும் செலவை எண்ணினால் அது மனிதாபிமானமான முடிவு. ஆனால் பொருத்தம் என்பதை எதைக் கொண்டு அளப்பது என்று அங்கே சொல்லப்படவில்லை. நவம்பரில் சில ஆசிரியைகள் சாரி இல்லாமல் வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றபோது, அந்த அனுமதி ஆசிரியர்களுக்கும் உரியதா என்ற சர்ச்சை எழுந்தது. கல்வி அமைச்சு சாரி என்ற நிலைப்பாட்டிலேயே நின்றது. அளவுகோல் இல்லாத இறுக்கம் ஒரு சாராரை நோகடித்தது போல, அளவுகோல் இல்லாத தளர்வு இன்னொரு சாராரைத் தடுமாற வைத்தது. இரண்டு தடவையும் இல்லாமல் போனது ஒன்றுதான். இந்த வேலைக்கு இந்த உடை ஏன் என்ற ஒரு வரி.

நேரத்தின் கதை இதைவிட நுட்பமானது, மூதூருக்கு அது தனிக் கதையும்கூட. கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் இருக்கும் நாம், திருகோணமலையிலிருந்து வரும் உத்தியோகத்தரை நெடுங்காலம் லோஞ்சிலும், தரைவழி என்றால் பாதையிலும் எதிர்பார்த்துக் காத்திருந்தோம். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், ஆற்றிலும் களப்பிலும் வாகனத்தோடு ஆளை ஏற்றிக் கடத்தும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதை பிந்தினால் அதில் வந்த அத்தனை பேரும் பிந்தினார்கள். காற்று எழும்பினால் லோஞ்ச் ஓடாது. அந்தக் காலத்தில் பிந்துதல் ஒருவருடைய குணமாகப் பார்க்கப்படவில்லை, கடலின் குணமாகப் பார்க்கப்பட்டது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, அதைத் தொடர்ந்து மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் வந்தன. பயணம் ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. அலுவலகங்களுக்குள் கைவிரல் அடையாள இயந்திரமும் வந்தது. முன்பு ஒரு லோஞ்சுக்கு இருந்த பிந்துதல் இப்போது ஓர் ஆளின் பெயருக்கு நேரே நிமிடக் கணக்கில் அச்சாகிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் அறிவித்தல் எழுதுபவர் இன்னும் முழு லோஞ்சையும் பார்த்துப் பேசுவது போலவே 'சகல உத்தியோகத்தர்களும்' என்று தொடங்குகிறார். ஆண்டு முழுவதும் நேரத்துக்கு வந்தவர் அதை வாசித்து, என்னையும் சேர்த்தா சொல்கிறார் என்று மனம் சுளிக்கிறார். எப்போதும் பிந்துபவர் அதை வாசித்து, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னதுதானே என்று நிம்மதியாகப் போகிறார். போய்ச் சேர வேண்டிய ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் அது தொட்டுவிடுகிறது.

மிரட்டல் நேரந்தவறாமையை வளர்க்குமா என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துப் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களை 20 கிழமைகள் அவதானித்து, யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர் 2000ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். பிள்ளைகளை மாலையில் கூட்டிப்போகப் பெற்றோர் பிந்தி வருவது அங்கே பிரச்சினை. முதல் நான்கு கிழமைகள் வெறுமனே எண்ணிப் பார்த்தார்கள். பிறகு ஆறு நிலையங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் 10 ஷெக்கல் தண்டம் என்று அறிவித்தார்கள். பிந்துவோர் தொகை குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கூடியது. தண்டம் இல்லாத நாட்களில், ஓர் ஆசிரியை தனக்காக வீடு போகாமல் காத்திருக்கிறார் என்ற கூச்சம் பெற்றோரை ஓடிவர வைத்தது. தண்டம் வந்ததும் அந்தக் கூச்சத்துக்கு ஒரு விலை குறிக்கப்பட்டது, விலையைக் கொடுத்தால் பிந்தலாம் என்று ஆனது. தண்டத்தை நீக்கிய பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. பெற்றோரும் உத்தியோகத்தரும் ஒன்றல்லர், சிறு தண்டமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் ஒன்றல்ல என்பது சரி. ஆனாலும் பிந்திய நேரத்தை ஷோர்ட் லீவில் கழி, அரைநாள் லீவில் கழி என்று கணக்கு மட்டுமே பேசப்படும் அலுவலகத்தில் இதே மனநிலை வளர்வதை நாம் காணலாம். லீவு இருக்கிறது, கழியட்டும் என்று ஒருவர் சொல்லும்போது, அவருக்காகக் கருமபீடத்தின் முன் நிற்கும் மனிதர் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அந்த மனிதரை மீண்டும் கணக்குக்குள் கொண்டுவருவதே ஞாபகமூட்டலின் வேலை.

அதை எப்படிச் செய்வது என்று ஒரு மாதிரியை எடுத்துப் பார்ப்போம். பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம், கடமை நேரம் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை என்று வைத்துக்கொள்வோம். பேனாவை எடுக்க முன், தலைவர் கடந்த ஒரு மாத வரவுப் பதிவை எடுக்க வேண்டும். இருபது வேலை நாட்களில் எல்லாருடையதுமாக முப்பது பிந்தல்கள் இருக்கின்றன என்போம். முப்பது என்ற எண் ஒன்றும் சொல்லாது, அது எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் சொல்லும். அதில் இருபத்தைந்து இரண்டே பேருடையது என்றால் பலகைக்கு வேலையே இல்லை, அந்த இருவரோடும் தனித்தனியே பேச வேண்டும். முப்பதும் மழை கொட்டிய நான்கு நாட்களில் குவிந்திருந்தால் அது பஸ்ஸின் பிரச்சினை, அந்த நாட்களுக்கு மாற்று ஏற்பாடு தேவை, அறிவுரை தேவையில்லை. முப்பதும் எல்லாரிடமும் ஆளுக்கு மூன்று என்ற அளவில் பரவி, ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிடமாக இருந்தால்தான், விதி மெல்லத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் குறைந்த ஆட்களோடு அலுவலகங்கள் இயங்கியதும் வெள்ளிக்கிழமை விடுமுறை தரப்பட்டதும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அப்படி ஒரு விதிவிலக்குக் காலம் முடிந்த பின், பழைய நேரம் தானாகத் திரும்பி வருவதில்லை. யாராவது ஒருவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். பொது அறிவித்தலுக்கு உரிய சந்தர்ப்பம் இந்த மூன்றாவது வகை மட்டுமே.

அந்த அறிவித்தல் இப்படி இருக்கலாம். 'எமது பொதுக் கருமபீடம் காலை 8.30க்குத் திறக்கிறது. தோப்பூர், கிளிவெட்டி, சம்பூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் அதற்கு முன்பே வந்து காத்திருக்கிறார்கள். அண்மையில் முதல் இலக்கம் அழைக்கப்பட 8.45 ஆகிவிடுகிறது. எதிர்வரும் திங்கட்கிழமை முதல் 8.30க்கே முதலாமவரை அழைப்போம். கருமபீடக் கடமையில் உள்ள இருவரும் 8.25க்கு இருக்கையில் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பஸ் பிந்தினாலோ வீட்டில் அவசரம் ஏற்பட்டாலோ 8.10க்கு முன் தொலைபேசியில் எனக்குச் சொல்லுங்கள், அன்று அந்த இடத்துக்கு வேறொருவரை ஒழுங்குசெய்வேன்.' இதில் இனிப்பான சொல் ஒன்றும் இல்லை, மிரட்டலும் இல்லை. யார் காத்திருக்கிறார்கள், எது பிந்துகிறது, யார், எத்தனை மணிக்கு, எங்கே இருக்க வேண்டும், முடியாவிட்டால் என்ன செய்வது, எந்த நாளிலிருந்து என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். 'இருக்கையில்' என்று அது கேட்கிறது. விரல் அடையாள இயந்திரம் வாசலைத் தாண்டிய நேரத்தைத்தான் அறியும். 8.28க்கு விரலை வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனவர் இயந்திரத்தின் கண்ணில் நேரந்தவறாதவர், இலக்கத்தைக் கையில் பிடித்திருக்கும் வயோதிபர் கண்ணில் இன்னும் வராதவர். நோக்கத்திலிருந்து தொடங்கியதால் ஒரு திசையில் விதி சுருங்கி இருவரை மட்டும் குறித்தது, மறுதிசையில் இயந்திரம் தவறவிட்டதையும் பிடித்தது.

தனித்துப் பேச வேண்டியவரிடம் பேசும் முறையும் இதே வழிப்பட்டது. 'தம்பி, நீங்க ஏன் ஒவ்வொரு நாளும் பிந்திறீங்க?' என்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு காரணத்தைத் தேடுவார். 'தம்பி, இந்த மாதம் பன்னிரண்டு நாள் 8.45க்குப் பிறகு வந்திருக்கிறீங்க, அந்த நேரத்தில உங்கட கோப்புகளுக்கு ஆள் இல்லாமல் இருக்கு, என்ன செய்யலாம்?' என்றால் பேச்சு வேலையைப் பற்றியதாகிறது. உடை பற்றியது என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கருமபீடத்தில் சனம் நிற்கும்போது ஒரு வார்த்தையும் கூடாது. ஒரு பெண்ணின் உடை பற்றி இன்னொரு சிரேஷ்ட பெண் உத்தியோகத்தர் தனியே சொல்வதே நம் ஊர் மரியாதை. சொல்லும்போதும் கடமையைத் தொட்டே சொல்ல வேண்டும். வயலுக்குப் போகும் வெளிக்கள உத்தியோகத்தருக்கு நடக்கத் தோதான உடை, வீடுகளுக்குப் போகிறவருக்கு அடையாள அட்டை தெரியும்படியான உடை என்று. மதிப்பு, கண்ணியம் என்ற சொற்களை ஞாபகமூட்டலில் கூடியவரை தவிர்ப்பது நல்லது. அந்தச் சொற்கள் வந்தவுடன் எதிரே நிற்பவருக்குக் கேட்பது 'உனக்குக் கண்ணியம் இல்லை' என்பதுதான்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் எழும், மூன்றும் எடுத்துப் பேசத் தகுந்தவை. காரணம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொருவரும் விவாதிப்பார்கள், ஒழுங்கு தளரும் என்பது முதலாவது. விவாதம் வரும் என்பது உண்மை. ஆனால் காரணம் சொல்லாதபோதும் விவாதம் நடக்கிறது, தலைவர் காதில் விழாமல் தேநீர்க்கடையில் நடக்கிறது. கருமபீடம் 8.30க்குத் திறக்கிறது என்ற காரணத்தோடு விவாதிக்க அதிகம் ஒன்றுமில்லை. அப்படியும் ஒரு விதியின் காரணம் விவாதத்தில் நிற்கவில்லை என்றால், அதை அறிந்துகொள்வது தலைவருக்கு நன்மையே. சுற்றறிக்கை மேலிருந்து வருகிறது, அதை மாற்ற எங்களுக்கு அதிகாரமில்லை என்பது இரண்டாவது. இது நேர்மையான நெருக்கடி. மேலிருந்து வரும் சுற்றறிக்கை பெரும்பாலும் நாடு முழுவதற்குமான பொது மொழியில் இருக்கும், அதற்கு மூதூரின் பஸ்ஸும் தெரியாது, மூதூரின் உடைகளும் தெரியாது. ஆனால் அதன் பிரதியை அப்படியே பலகையில் ஒட்டத்தான் வேண்டும் என்று இல்லை. விதியின் எந்தச் சொல்லையும் மாற்றாமல், இந்த அலுவலகத்தில் அதன் பொருள் இதுதான் என்று நான்கு வரி விளக்கத்தைத் தலைவர் தன் கையொப்பத்தோடு இணைக்கலாம். விதியே ஒரு சாராருக்கு அநீதியாகப் படுமென்றால் அதை மேலிடத்துக்கு எழுதவும் வேண்டும். 2019இல் சுற்றறிக்கை திருத்தப்பட்டது, பாதிக்கப்பட்டவர்கள் முறையிட்டதால்தான்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. எத்தனை தடவை தன்மையாகச் சொன்னாலும் பிந்துகிறவர் பிந்துவார், அவரைப் பார்த்து நேரத்துக்கு வருபவரும் மனம் விட்டுப்போவார், அந்தப் பிந்துகிறவருக்கு என்ன பதில்? அவருக்கு ஞாபகமூட்டல் பதிலாகாது என்பதே என் பதில். மறந்தவருக்கு ஞாபகமூட்டல், மறுத்தவருக்கு ஒழுக்காற்று நடவடிக்கை. தாபன விதிக் கோவையின் இரண்டாம் தொகுதி முழுவதும் அதற்காகவே எழுதப்பட்டது. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும், விளக்கமளிக்கச் சந்தர்ப்பம் தரப்பட வேண்டும், அதன் பின்பே தண்டனை. அந்த வழி கடினமானது, அதனால் தலைவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். தவிர்த்துவிட்டு, அதன் பெயரை மட்டும் எடுத்துப் பலகையில் எல்லாருக்கும் காட்டுகிறார்கள். இதனால் இரண்டு கருவிகளும் மழுங்குகின்றன. நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஐந்து தடவை எழுதி ஒரு தடவையும் எடுக்காத அலுவலகத்தில் அந்த வாசகம் காகிதத்தின் கறையாகிவிடும். தவறாமல் வருபவருக்கோ அது ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு அவமானம். மறுப்பவர்மீது முறைப்படி, தனியாக, எழுத்தில் நடவடிக்கை எடுக்கும் துணிவு இருக்கும் தலைவருக்கு, மற்ற ஒன்பது பேரோடு சத்தமாகப் பேச வேண்டிய தேவையே வராது.

நாளை காலை நீங்கள் உங்கள் அலுவலகத்துக்கோ பாடசாலைக்கோ போனதும், பலகையில் தொங்கும் கடைசி அறிவித்தலின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். மிரட்டும் வரியை விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். எத்தனை மணி, எதற்காக, யாருக்காக, முடியாவிட்டால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அங்கே எஞ்சியிருந்தால், மறைத்த வரியைக் கிழித்துவிடலாம், விதிக்கு ஒரு குறையும் வராது. ஒன்றும் எஞ்சவில்லை என்றால், உங்கள் பணியாளர் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியை மட்டும்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.